காலை ஒன்று

எமது கல்லூரியின் ஆசிரியர் அறையில் அண்மையில் நிகழ்ந்த சிறியதொரு சம்பாஷணையே இக்கட்டுரையை எழுதுமாறு எம்மைத் தூண்டியது. இடைவேளை மணி அடித்ததும் எம்மருகே வந்து அமர்ந்த இளம் ஆசிரியை ஒருவர், தமது கைப்பையிலிருந்து வைத்தியசாலையில் கொடுக்கப்பட்ட சிறு கடதாசி உறையொன்றை வெளியே எடுத்தார். தைரொயிட் சுரப்பி சோர்ந்துவிட்டதென்று அவருக்கு முதல்நாள்தான் சொல்லியிருந்தார்களாம். உறையின்மேல் தைரொக்சின் 50 மைக்கிரோகிராம் என்றும், அதன் கீழே "காலை 1" என்றும் எழுதியிருந்தது. அவ்வளவே.

"அக்கா, நீங்களும் இந்தக் குளிசைதானே போடுறனீங்கள்? இதிலை காலமை ஒண்டு எண்டு மட்டும் கிடக்கு. சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போடலாமோ?" என்று அவர் வினவினார்.

விடை சொல்லத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. "முதலிலை வெறுந்தண்ணியோடை போடும். மிச்சம் பிறகு சொல்லுறன்" என்று கூறிவிட்டு வகுப்புக்குச் சென்றோம். ஆயினும் அந்த "காலை ஒன்று" அன்று முழுவதும் எமது உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. ஏனெனில், அதே இரண்டு சொற்களைச் சரியாக விளங்கிக்கொள்ளாமையால் நாம் ஓராண்டுக்கு மேலாகப் பட்ட அவஸ்தை சிறிதன்று. அதனை அவருக்குச் சொன்னபடியே இங்கும் எழுதுகின்றோம்.

எமக்கு இந்நோய் வெளிப்பட்டது 2019ஆம் ஆண்டு தை மாதத்தில். அதற்கு முன் ஓராண்டாகவே உடலில் ஓர் அசதி குடிகொண்டிருந்தது. குரல் கரகரத்தது, தலைமயிர் கொத்துக் கொத்தாய் உதிர்ந்தது, மற்றவர்கள் வியர்வையைத் துடைக்கும் வேளையில் நாம் சேலைத் தலைப்பால் தோளைப் போர்த்திக்கொண்டிருந்தோம். வயசு போகிறது என்று எம்மை நாமே தேற்றிக்கொண்டோம். இரத்தப் பரிசோதனையில் ரி.எஸ்.எச். என்னும் எண் 38 என்று வந்தது. அது ஏறத்தாழ 0.4க்கும் 4க்கும் இடையில் நிற்கவேண்டியதாம்.

இந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைரொயிட் சுரப்பியே தைரொக்சினைச் சுரக்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்டியூட்டரி என்னும் சுரப்பி, இரத்தத்தில் தைரொக்சின் எவ்வளவு இருக்கின்றது என்று ஓயாது பார்த்துக்கொண்டிருக்கும். அது குறைந்தால், "வேலை செய்" என்று கட்டளை அனுப்பும். அந்தக் கட்டளைதான் ரி.எஸ்.எச். வகுப்பில் வேலை குறையக் குறைய அதிபரிடமிருந்து சுற்றறிக்கைகள் கூடிக்கொண்டு வருவதை எம்மைப் போன்ற ஆசிரியர்கள் அறிவோம். அதுபோலத்தான் இதுவும். எண் உயர்ந்திருந்தால் உடலுக்குத் தைரொக்சின் போதவில்லை. எண் மிகத் தாழ்ந்திருந்தால் அளவுக்கு மிஞ்சிவிட்டது. இது தலைகீழ்க் கணக்காதலால் புதியவர்கள் பலர் எண் உயர்ந்ததைக் கண்டதும் குளிகையைக் குறைக்கவேண்டும் என்று எண்ணிவிடுகிறார்கள்.

எமக்கு முதலில் 50 மைக்கிரோகிராம் தந்தார்கள். ஆறு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்து 75 ஆக்கினார்கள். பின்னர் 100 ஆக்கினார்கள். அவ்வாண்டு ஆவணியில் எண் 2.6இல் வந்து நின்றது. அசதி நீங்கிற்று. மூன்று பாடத்தைத் தொடர்ந்து நின்றுகொண்டே நடத்தக்கூடிய தெம்பு திரும்பியது. அந்நாட்களில் நாம் குளிகையைச் சரியான முறையிற்றான் எடுத்தோம். ஆனால் அறிந்து செய்ததன்று, தற்செயலாக அமைந்ததே. தேநீர் வைப்பதற்கு அடுப்பு மூட்டுமுன்னர், மறந்துவிடுவோமென்ற பயத்தினால் முதல் வேலையாக அதை விழுங்கிவிடுவது வழக்கமாயிருந்தது.

கேடு பிறந்தது 2023 மாசியில். மாதவிலக்கில் இரத்தம் மிகுதியாகப் போயிற்று. படியேறினால் மூச்சு வாங்கியது. வேறொரு வைத்தியரிடம் சென்றோம். ஈமோகுளோபின் 8.9 என்று கண்டு, இரும்புச்சத்துக் குளிகையும், முழங்கால் வலிக்கென்று கல்சியக் குளிகையும் தந்தார். அவருக்கு நாம் தைரொக்சின் எடுப்பதைச் சொன்னோமா என்று இப்பொழுது நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டோம். வீட்டுக்கு வந்ததும் எமக்குள்ள ஒழுங்குப் பித்து தலையெடுத்தது. மூன்று குளிகைகளையும் ஒரு சிறு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் தேநீருடன் மூன்றையும் ஒன்றாக விழுங்கத் தொடங்கினோம். மூன்று மருந்து, ஒரே நேரம், மறதிக்கு இடமில்லை என்று எம்முடைய சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

அந்தத் தேநீர்க் கோப்பைக்கு முன்னால் என்ன நிகழ்ந்தது என்பதை இப்பொழுது சொல்லுகிறோம். தைரொக்சின் குளிகையின் அளவு மைக்கிரோகிராமில் சொல்லப்படுகிறது. ஆயிரம் மைக்கிரோகிராம் சேர்ந்தது ஒரு மில்லிகிராம். ஆகவே எமது 100 மைக்கிரோகிராம் குளிகையில் இருந்த மருந்து ஒரு மில்லிகிராமில் பத்திலொரு பங்கு. எஞ்சியதெல்லாம் குளிகையை உருவாக்கச் சேர்த்த மா. மறுபுறம், பெரஸ் சல்பேற் என்னும் இரும்புக் குளிகை 200 மில்லிகிராம். அதாவது தைரொக்சினிலும் இரண்டாயிரம் மடங்கு எடை. இரும்பும் கல்சியமும் தைரொக்சினைக் குடலுக்குள்ளேயே பற்றிப் பிணைத்துக்கொள்ளும் இயல்புடையன. பிணைந்துவிட்டால் அது இரத்தத்தில் ஏறாமல் மலத்தோடு கழிந்துவிடும். வெறும் வயிற்றில் விழுங்கினாலே தைரொக்சினில் ஏறத்தாழ 60 முதல் 80 வீதம்வரைதான் உடலிற் சேரும். உணவும் கோப்பியும் பாலும் அதை இன்னும் குறைக்கும். அத்துடன் இரண்டாயிரம் மடங்கு இரும்பையும் கூட்டி அனுப்பினால், அந்தச் சிறு துணுக்கின் கதி யாது?

2023 ஆடியில் எண் 9.4 என்று வந்தது. கிளினிக்கில் நூறு பேர் வரிசையில் நிற்கையில் வைத்தியருக்கு அதிகம் வினவ நேரமில்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. "குளிசை ஒழுங்காப் போடுறனீங்களோ?" என்று கேட்டார். "ஒருநாளும் தவறவிடுகிறதில்லை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னோம். அது உண்மையுந்தான். 125 ஆக்கினார். இரண்டு மாதத்தின் பின்னும் 8.1. அதன்மேல் 150 ஆக்கினார். இதற்கிடையில் மாதவிலக்கும் மோசமாயிற்று. தைரொக்சின் குறைந்தால் இரத்தப்போக்கு மிகும்; இரத்தம் போனால் இரும்பு வேண்டும்; இரும்பை அதே வாயில் போட்டால் தைரொக்சின் குறையும். செக்கைச் சுற்றும் மாட்டைப்போல் நாம் இந்த வட்டத்திற் சுற்றிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு குளிகையும் நல்லதே; ஒவ்வொரு வைத்தியரும் தம்மிடம் சொல்லப்பட்டதற்குத் தக்க மருந்தையே தந்தார். மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டது நாமே.

முடிச்சை அவிழ்த்தவர் நகரிலுள்ள பாமசி ஒன்றின் வயது முதிர்ந்த மருந்தாளர். கார்த்திகை மாதத்தில் ஒருநாள், மருந்துத் துண்டைக் கொடுத்துவிட்டு நின்றோம். அவர் தைரொக்சின் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். பின்பு இரும்பை எடுத்தார். வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு எம்மைப் பார்த்தார்.

"ரீச்சர், இது இரண்டும் என்னென்ன நேரம்?"

"இரண்டும் விடியத்தான்."

"ஐயோ, நாலு மணித்தியாலம் வித்தியாசம் வேணுமே அம்மா" என்றார்.

நாலு மணித்தியாலம். இரும்பு, கல்சியம், நெஞ்செரிவுக்குக் குடிக்கும் அலுமினியமும் மக்னீசியமும் கலந்த வெள்ளைப் பாணி, இவை யாவும் தைரொக்சினுக்கு நாலு மணித்தியாலம் தள்ளியே நிற்கவேண்டும். பல்வகை விற்றமின் குளிகைகளும் அவ்வாறே. அவற்றினுள்ளும் இரும்பும் கல்சியமும் ஒளிந்திருப்பதுண்டு. ஒமெப்பிரசோல் போன்ற, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் குளிகைகளின் கதை வேறு. அவை தைரொக்சினைப் பிணைப்பதில்லை. குளிகை கரைவதற்கு வேண்டிய அமிலத்தைக் குறைத்துவிடுகின்றன. அந்தக் குறைவு நாள் முழுவதும் நீடிப்பதால் நேரத்தை மாற்றிப் பயனில்லை. அத்தகைய குளிகையை நாட்கணக்கில் எடுக்கத் தொடங்கினாலும், எடுத்து வந்ததை நிறுத்தினாலும், தைரொயிட் வைத்தியரிடம் சொல்லி ஆறு முதல் எட்டுக் கிழமையில் எண்ணைப் பார்த்துக்கொள்வதே வழி.

அன்றிரவே எமது டப்பாவைப் பிரித்தோம். தைரொக்சின் படுக்கையருகே ஒரு செம்பு தண்ணீருடன் சென்றது. அலாரம் நாலே முக்காலுக்கு அடிக்கும். எழுந்திருக்குமுன் வெறுந்தண்ணீருடன் விழுங்கிவிடுவோம். அதன்பின் ஒரு மணித்தியாலம் தேநீர் இல்லை. முதல் இரண்டு கிழமை அந்த ஒரு மணித்தியாலம் எவ்வளவு நீண்டதென்பதைத் தேநீர்ப் பிரியர்கள் அறிவார்கள். அரை மணித்தியாலமாவது கட்டாயம் வேண்டுமென்றும், ஒரு மணித்தியாலம் விட்டால் மிகவும் நல்லதென்றும் வைத்தியர்கள் சொல்கின்றனர். எந்த இடைவெளியை வைத்தாலும் அதை நாள்தோறும் ஒரேமாதிரி வைப்பதுதான் பெரிது. ஏனெனில் வைத்தியர் அளவைத் தீர்மானிப்பது அந்தப் பழக்கத்தின்மேல் நின்றுதான். இடியப்பமும் சொதியும் ஆறு மணிக்கு. இரும்புக் குளிகை மதியச் சாப்பாட்டுக்கு முன், சிறிது தேசிக்காய்த் தண்ணீருடன். கல்சியம் இராச் சாப்பாட்டின் பின். இரும்பும் கல்சியமும் தமக்குள்ளும் பகையாதலால் அவையிரண்டையும் வெவ்வேறு வேளைக்குத் தள்ளினோம்.

இதுவரை சொன்னதைக் கேட்ட எமது இளந்தோழி, "அப்ப பிரச்சினை தீர்ந்துபோச்சுது" என்றார். தீரவில்லை. எமது இரண்டாவது பிழை இனித்தான் வருகிறது. அதுவே முதலாவதிலும் ஆபத்தானது.

நேரத்தைத் திருத்திய நாம், அதை வைத்தியரிடம் சொல்லவில்லை. அடுத்த கிளினிக் தையில்தானே, அப்பொழுது நல்ல எண்ணைக் காட்டி அவரை ஆச்சரியப்படுத்துவோம் என்றிருந்தோம். ஆனால் இப்பொழுது எமது கையிலிருந்தது 100 அன்று, 150. அந்த 150ஐ, பாதி வீணாகும் என்ற நிலையில் அல்லவா எழுதியிருந்தார்? வீணாவது நின்றதும் முழுவதும் இரத்தத்தில் ஏறத் தொடங்கியது. மார்கழி பிறந்ததும் நித்திரை குறைந்தது. குளிரான விடியலிலும் வியர்த்தது. கரும்பலகையில் எழுதும்போது வெண்கட்டி நடுங்கிற்று. "எழுத்து ஆடுது ரீச்சர்" என்று முன்வரிசைப் பிள்ளையொன்று சொல்லிச் சிரித்தது. ஓரிரவு நெஞ்சு படபடவென்று அடித்ததைக் கேட்டு, எமது இல்லத்தவர் அயலிலுள்ள முச்சக்கர வண்டியை அழைக்க எழுந்துவிட்டார். நாடியைப் பிடித்துப் பார்த்தால் நிமிடத்திற்கு 116. சிறிது நேரத்தில் தணிந்தது. எனினும் மறுநாள் வெளிநோயாளர் பிரிவுக்குச் சென்றோம்.

எண் 0.04. சுற்றறிக்கை அனுப்பும் அதிபர் முற்றாக மௌனமாகிவிட்டார்.

அன்று எம்மைப் பார்த்தவர் வேறோர் இளம் வைத்தியர். எமது பழைய அறிக்கைகளையெல்லாம் மேசையில் பரப்பி வைத்து, எடை எவ்வளவு என்று கேட்டார். 58 கிலோ என்றோம். சுரப்பி ஏறக்குறைய முழுதும் ஓய்ந்துவிட்ட ஒருவருக்குக் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 1.6 மைக்கிரோகிராம் வேண்டும் என்று சொல்லி, கடதாசியில் பெருக்கிக் காட்டினார். 92.8 என்று வந்தது. "100 உங்களுக்குக் காணும். 150 போட்டும் எண் இறங்கயில்லையெண்டால் குளிசை வயித்திலை எங்கையோ மறிபடுகுது எண்டுதான் கருத்து. அந்த மறிப்பு எடுபட்ட அண்டைக்கே வந்து சொல்லியிருக்கவேணும்" என்றார். தைரொக்சின் அளவுக்கு மிஞ்சி நெடுநாள் நின்றால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறக்கூடும் என்றும், எலும்பு தேயும் என்றும், சிறப்பாக மாதவிலக்கு நிற்கும் வயதை அண்டிய பெண்கள் இதில் அவதானமாயிருக்க வேண்டும் என்றும் கூறினார். மாணவியைப்போல் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

மீண்டும் 100 ஆக்கினார்கள். ஆறு கிழமையின் பின் எண் 0.3, இன்னும் மூன்று மாதத்தில் 2.1. நெடுநாள் அடங்கிக் கிடந்த பிட்டியூட்டரி விழித்தெழச் சற்றுத் தாமதமாகுமாம். ஈமோகுளோபினும் அவ்வாண்டு ஆவணியில் 12ஐத் தொட்டது, மாதவிலக்கும் மட்டுப்பட்டது.

ஏன் ஆறு கிழமை என்று எமது தோழி இடைமறித்துக் கேட்டார். நல்ல கேள்வி. தைரொக்சின் உடலில் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ ஏழு நாட்கள் பிடிக்கும். ஆகவே அளவை மாற்றினால், புதிய மட்டத்தில் அது நிலைகொள்ள ஐந்தாறு கிழமை செல்லும். அதற்குமுன் எடுத்த இரத்தம், பாதி வழியில் நிற்கும் வண்டியைப் பார்த்து ஊர் வந்துவிட்டதென்று சொல்வது போன்றது. எண் நிலைத்தபின் ஆறு மாதத்துக்கொரு முறையோ ஆண்டுக்கொரு முறையோ பார்த்தாற் போதும். இந்த நீண்ட ஆயுளினால் ஒரு நன்மையும் உண்டு. ஒருநாள் மறந்துவிட்டால் குடி முழுகிவிடாது. அன்றே நினைவு வந்தால் வயிறு வெறுமையான வேளை பார்த்து எடுத்துக்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்ததென்றால் அதை விட்டுவிட்டு வழக்கமான ஒன்றை எடுக்கலாம். தாமாகவே இரட்டிப்பாக்க வேண்டியதில்லை.

ஆனால் மாதம் முழுவதும் அசட்டையாயிருந்துவிட்டு, பரிசோதனைக்கு நாலைந்து நாள் இருக்கும்போது மட்டும் ஒழுங்காக விழுங்குவோரும் உளர். பரீட்சைக்கு முதல்நாள் இரவு புத்தகம் திறக்கும் மாணவருக்கு இவர்கள் உறவினர். இவர்களை அறிக்கையே காட்டிக்கொடுத்துவிடும். தைரொக்சின் அளவு நன்றாயிருக்கும். சில சமயம் உயர்ந்தும் இருக்கும். ரி.எஸ்.எச். மட்டும் உயரத்திலேயே நிற்கும். அதிபர் நாலு நாள் வேலையைக் கண்டு நம்புவதில்லை.

இரத்தம் எடுக்கும் நாளைப் பற்றியும் இரண்டு விஷயம். ரி.எஸ்.எச். மட்டும் பார்ப்பதற்குப் பட்டினி வேண்டியதில்லை. ஆயினும் சுயாதீன தைரொக்சினையும் பார்ப்பதாயின், குளிகையை இரத்தம் கொடுத்தபின் எடுப்பது நல்லது. விழுங்கிய சில மணித்தியாலத்திற்கு அது சற்று உயர்ந்து காட்டும். மற்றது, தலைமயிர் உதிர்கிறதே என்று பயோற்றின் குளிகை வாங்கி விழுங்குவோர் இந்நாளில் பலர். அது நோய்க்குத் தீங்கு செய்வதன்று; ஆனால் சில ஆய்வுகூடங்களின் பரிசோதனை முறையையே ஏமாற்றி, ரி.எஸ்.எச்.ஐக் குறைவாகவும் தைரொக்சினைக் கூடுதலாகவும் காட்டச் செய்துவிடும். சரியான அளவில் மருந்தெடுக்கும் ஒருவருக்கு அளவைக் குறைத்துவிட அந்தப் பொய் எண் போதும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னதாகவாவது அதை நிறுத்தவேண்டும். மிகுந்த அளவில் எடுப்பவர்கள் இன்னும் முன்னதாக நிறுத்தவேண்டுமா என்று கேட்டறிய வேண்டும். எமது தோழி இதைக் கேட்டதும் மெல்லக் கைப்பையை மூடிக்கொண்டார். உள்ளே அந்தப் புட்டி இருந்தது.

காலை வேளை ஒத்துவராதவர்களுக்கு இரவு ஒரு வழி உண்டு. இராச் சாப்பாடு முடிந்து மூன்று மணித்தியாலம் கழிந்தபின், படுக்கப்போகும்போது எடுக்கலாம். ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுப்பவர்களுக்கு அது நன்றாக அமையும். ஒன்பதரைக்குச் சாப்பிட்டுவிட்டுப் பத்துக்குப் பாயைத் தேடும் எம்மைப் போன்றோருக்கு அது சரிவராது. கல்சியத்தையும் அப்பொழுது வேறு வேளைக்கு மாற்றவேண்டும். கந்தசஷ்டி விரத நாட்களிலே எமது தாயார், "தண்ணியுங் குடிக்கிறாய், பேந்தென்ன விரதம்?" என்று கேட்பதுண்டு. ஒரு மிடறு தண்ணீரையும் அந்தத் துணுக்கையும் முருகப்பெருமான் கணக்கில் எடுக்கமாட்டார் என்று சொல்லிவிட்டு விழுங்கிவிடுவோம்.

இன்னுமொன்று. 2022இல் நாட்டில் மருந்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்த காலத்தில், ஒவ்வொரு மாதமும் வெவ்வேறு கம்பனியின் தைரொக்சின் எமக்குக் கிடைத்தது. உறையில் ஒரே எண் எழுதியிருந்தாலும் ஒரு கம்பனியின் குளிகை மற்றொன்றைப் போல அப்படியே உடலிற் சேரும் என்பதற்கில்லை. இயன்றவரை ஒன்றையே தொடர்வதும், மாற்ற நேர்ந்தால் ஆறு கிழமையில் எண்ணைப் பார்ப்பதும் தக்கது. அத்துடன் இக்குளிகைக்குச் சூடும் ஈரமும் வெளிச்சமும் ஆகா. அது வந்த அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்தெடுத்து டப்பாவில் போடுவதும், அடுப்பங்கரைத் தட்டில் வைப்பதும் தவறு. எமது எவர்சில்வர் டப்பாவில் இப்பொழுது கடுகு இருக்கிறது.

கடைசியாக, எமது தோழி கேட்கத் தயங்கிய ஒன்றை நாமே சொன்னோம். அவருக்குச் சென்ற ஆவணியில்தான் கலியாணம் நடந்தது. பிள்ளையை எதிர்பார்க்கும் பெண் இந்நோயாளியாயின், எண் சரியான மட்டத்துக்கு வந்தபின் கருத்தரிப்பதே நலம். கரு தங்கியது தெரிந்த அன்றே வைத்தியரிடம் சொல்லவேண்டும். அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்கலாகாது. தொடக்க மாதங்களில் குழந்தைக்குத் தனக்கென்று தைரொக்சின் சுரக்க இயலாது. தாயிடமிருந்து பெறுவதைக்கொண்டே அதன் மூளை வளரவேண்டும். அதனால் தாயின் தேவை விரைவில் ஏறும். பல வைத்தியர்கள், கரு தங்கினால் கிழமைக்கு ஏழு குளிகைக்குப் பதில் ஒன்பதாக எடுத்துக்கொண்டு உடனே வந்து காணும்படி முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். அப்படி ஏதும் உமக்கும் உண்டோவென்று அடுத்தமுறை கேட்டு எழுதுவித்து வாரும் என்றோம். அதன்பின் கருக்காலத்தின் முற்பாதியில் நாலு கிழமைக்கொரு முறை இரத்தம் பார்ப்பார்கள்.

அங்கேதான் எமது பழைய டப்பா மறுபடியும் வந்து நிற்கும். கர்ப்பவதிகளுக்கான கிளினிக்கில் இரும்பும் கல்சியமும் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். கொடுக்கும் மருத்துவமாதுவுக்கு இவர் தைரொக்சின் எடுப்பவர் என்று தெரிந்திருக்கவேண்டும் என்பதில்லை. இவர்தான் சொல்லவேண்டும்.

தோழி தமது நாட்குறிப்பை எடுத்து ஒரு பக்கத்தில் எழுதினார்: நாலே முக்கால், தண்ணீர், தைரொக்சின். ஐந்தே முக்கால், தேநீர். அதன்கீழே ஆறு கிழமை எண்ணிப் பார்த்து, இரத்தம் கொடுக்கவேண்டிய நாளை வட்டமிட்டார். அது ஒரு செவ்வாய்க்கிழமை. தவணைப் பரீட்சை நடக்கும் நாள். அன்று முதல் பாடத்துக்கு அவருடைய வகுப்பை நாம் பார்த்துக்கொள்வதென்று ஒப்புக்கொண்டோம். பின்பு அந்தக் கடதாசி உறையை வாங்கி, "காலை 1" என்பதன் பக்கத்தில், "வெறுவயிறு. தண்ணீர். தனியாக" என்று எழுதிக் கொடுத்தோம்.